மாசா மாசம் கணக்கு, வருஷத்துக்கொரு வட்டி

இந்த வாரம் திட்டக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பி.எஃப். வட்டி பற்றியவை. மீதிப் பாதி, மாமாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டவை. முதல் பாதிக்குப் பதில் சொன்னால் இரண்டாம் பாதிக்கும் சொன்னதாக ஆகிவிடும்.

கே: பி.எஃப். வட்டி மாதாமாதமா, வருடத்துக்கு ஒருமுறையா? எங்கள் கடையில் இதை வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறோம்.
— துணிக்கடை ஊழியர், திட்டக்குடி

ப: இரண்டு கட்சிக்கும் டெபாசிட் கிடைத்துவிட்டது! கணக்குப் போடுவது மாதாமாதம். வரவு வைப்பது வருடத்துக்கு ஒரே தடவை, மார்ச் 31 தேதியிட்டு. 1952ஆம் வருடத்து வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 60ஆவது பத்தி அப்படித்தான் சொல்கிறது. சண்டை போட வேறு விஷயம் தேடுங்கள். கடையில் ஃபேன் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

கே: கட்சி கிடக்கட்டும் மாமா. 2024 ஏப்ரல் 1இல் என் கணக்கில் ஒரு லட்சம் இருந்தது. மாதம் 2,350 வீதம் வருடம் முழுக்க ஏறியது. மொத்தம் 1,28,200. அறிவித்த வட்டி 8.25 சதவீதம். அப்படியானால் 10,576 ரூபாய் 50 பைசா வரவேண்டும். பாஸ்புக்கில் 9,316தான் இருக்கிறது. 1,260 ரூபாயை யார் தின்றது?
— அதே ஊழியர்

ப: யாரும் தின்னவில்லை, நீங்கள்தான் பந்தி போடும் முன்பே இலையை எண்ணிவிட்டீர்கள். மார்ச் மாதம் வந்து சேர்ந்த 2,350க்கும் போன ஏப்ரலில் இருந்தே வட்டி கேட்பது எந்த ஊர் நியாயம்?

பழைய ஒரு லட்சம் பன்னிரண்டு மாதமும் உள்ளே இருந்தது. அதற்கு முழு 8,250 ரூபாய். புதிதாக ஏறும் பணத்துக்கு, ஏறிய மாதத்தில் வட்டி கிடையாது. அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஏப்ரலில் ஏறிய 2,350க்கு மே முதல் மார்ச் வரை 11 மாத வட்டி. மே மாதத்தில் ஏறியதற்கு 10 மாதம். இப்படியே இறங்கி இறங்கி, மார்ச்சில் ஏறியதற்குப் பூஜ்யம். 11 முதல் பூஜ்யம் வரை கூட்டினால் 66. அதாவது ஒரே ஒரு 2,350ஐ 66 மாதம் வட்டிக்கு விட்டதற்குச் சமம். அது 1,066 ரூபாய் 31 பைசா. இரண்டையும் கூட்டுங்கள்: 9,316.31. பாஸ்புக் பொய் சொல்லவில்லை, உங்கள் கால்குலேட்டர்தான் அவசரப்பட்டது.

கே: இதைச் சுருக்கமாகப் போட ஒரு வழி சொல்லுங்களேன். எனக்குக் கணக்கு வராது.
— ஜெராக்ஸ் கடைப் பெண், தொழுதூர்

ப: கணக்கு வராதவர் ஜெராக்ஸ் கடையில் சில்லறை எப்படிக் கொடுக்கிறீர்கள்? சரி, சொல்கிறேன். ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டிக்கு உரிய இருப்பை ஒரு வரிசையாக எழுதுங்கள். மேலே உள்ள துணிக்கடைக்காரருக்கு ஏப்ரலில் 1,00,000, மே மாதம் 1,02,350, ஜூனில் 1,04,700, இப்படிப் போய் மார்ச்சில் 1,25,850. பன்னிரண்டையும் கூட்டினால் 13,55,100 வரும். அதை வட்டி விகிதத்தால் பெருக்கி 1,200ஆல் வகுங்கள்.

13,55,100 × 8.25 ÷ 1,200 = 9,316.31

1,200 ஏன்? சதவீதத்துக்கு 100, மாதத்துக்கு 12. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டால் மேனேஜரிடம் பல் இளிக்க வேண்டியதில்லை.

கே: அந்த 31 பைசா?
— சந்தேகப் பேர்வழி, ஆவினங்குடி

ப: 50 பைசாவுக்குக் கீழே என்றால் விட்டுவிடுவார்கள், 50 பைசாவோ அதற்கு மேலோ என்றால் முழு ரூபாயாக்குவார்கள். உங்கள் பங்குக்கும் முதலாளி பங்குக்கும் தனித்தனியே வட்டி போடுவதால் மொத்தத்தில் ஒரு ரூபாய் முன்னே பின்னே இருக்கலாம். அதற்காகக் கோர்ட்டுக்குப் போனால் ஆட்டோவுக்கே நூறு ரூபாய் ஆகும்.

கே: எனக்கு 12 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளியும் 12 போடுகிறார். சம்பளம் 15,000. மாதம் 1,800 + 1,800 = 3,600. நீங்கள் சொன்ன வழியில் போட்டுப் பார்த்தேன். வட்டி குறைகிறதே?
— மில் தொழிலாளி, பெண்ணாடம்

ப: வாருங்கள், உங்களைப் போன்றவர்தான் எனக்கு வேண்டும்! வழி சரி, சரக்கு தப்பு. முதலாளி போடும் 1,800இல் 1,250 ரூபாய் பென்ஷன் பக்கம் திரும்பிவிடுகிறது. பி.எஃப். கணக்கில் நிற்பது மீதி 550தான். உங்கள் 1,800ஐயும் சேர்த்தால் 2,350. துணிக்கடைக்காரரின் தொகையும் இதுவேதான், கவனித்தீர்களா?

பாஸ்புக்கில் மூன்று பத்தி இருக்கும்: உங்கள் பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன் பங்கு. மூன்றாவது பத்திக்கு வட்டி ஏறாது. அந்தப் பணம் உங்கள் பெயரில் வளரும் பணம் அல்ல; பின்னால் சம்பளத்தையும் சேவை வருடத்தையும் வைத்துப் பென்ஷனாக வருவது. 3,600 என்று வைத்துக் கணக்கிட்டால் அதே ஒரு லட்சத்தோடு 9,883 ரூபாய் 50 பைசா வரும். உண்மையில் வருவது 9,316. இந்த 567 ரூபாய்ப் பள்ளத்தில்தான் பாதிப் பேர் விழுந்து, ஆபீஸில் திருட்டு என்று கத்துகிறார்கள்.

கே: மார்ச் மாதச் சம்பளத்தில் பிடித்த பணம் பாஸ்புக்கில் அடுத்த வருடத்தில் இருக்கிறது. தப்பாகப் போட்டுவிட்டார்களா?
— நர்ஸ், விருத்தாசலம்

ப: சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், சிஸ்டர். ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் சம்பளத்துப் பணம் ஏப்ரலில்தான் போய்ச் சேரும். ஆகவே அது புது வருடத்துப் பிள்ளை. பி.எஃப். வருடம் என்பது மார்ச் சம்பளத்தில் தொடங்கிப் பிப்ரவரி சம்பளத்தில் முடிவது. பாஸ்புக்கில் சம்பள மாதம் ஒன்று, வரவு மாதம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் ஒரு மாத வட்டி உங்கள் கற்பனையில் மட்டும் கூடுதலாக ஏறும்.

கே: மாதாமாதம் கணக்கிட்டவர்கள் மாதாமாதமே வரவு வைத்தால் என்ன குறைந்துவிடும்?
— கல்லூரி மாணவர், சிதம்பரம்

ப: அவர்களுக்கு வேலை கூடும், உங்கள் அப்பாவுக்குப் பணம் கூடும். மாதாமாதம் வட்டியை அசலில் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கு வருடத்தில் 8,569 ரூபாய் வரும். இப்போது வருவது 8,250. லட்சத்துக்கு 319 ரூபாய் வித்தியாசம்.

வட்டி குட்டி போடும் என்பார்கள் அல்லவா, பி.எஃப்.பில் அது வருடத்துக்கு ஒரு பிரசவம் மட்டுமே. துணிக்கடைக்காரரின் 9,316 மார்ச் 31இல் அசலோடு சேர்ந்து, மொத்தம் 1,37,516 ஆகிறது. ஏப்ரல் 1 முதல் அந்த வட்டிக்கும் வட்டி. விகிதம் மாறாமல் இருந்தால் அடுத்த வருடம் அந்த 9,316 மட்டும் 768 ரூபாய் 57 பைசா சம்பாதித்துக் கொடுக்கும்.

கே: மாதக் கடைசியில் வரவு வைக்க முடியாத அளவுக்கு என்ன கஷ்டம்? பேங்க் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறதே?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கடலூர்

ப: அனுபவஸ்தர் கேட்டால் மரியாதையாகச் சொல்கிறேன் ஐயா. உங்கள் பேங்க் வட்டியை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பணம் வாங்குகிறது. பி.எஃப். பணத்தை வாங்கி, முதலீடு செய்து, வருமானம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் விகிதம் சொல்கிறது. 2023-24க்கு உரிய 8.25 சதவீதத்தை மத்திய அறங்காவலர் குழு பரிந்துரைத்தது 2024 பிப்ரவரி 10ஆம் தேதி. வருடம் முடிய இன்னும் ஐம்பது நாள்தான் பாக்கி! ஏப்ரலிலேயே வட்டி போடு என்றால் எந்த விகிதத்தில் போடுவது? அதனால் மாத இருப்பை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, விகிதம் தெரிந்ததும் ஒரே பெருக்கல்.

கே: மார்ச் 31 வரவு என்கிறீர்கள். ஆனி பிறந்தும் பாஸ்புக்கில் காணோமே!
— ஒப்பந்தத் தொழிலாளி, நெய்வேலி

ப: தேதி மார்ச் 31தான், கண்ணுக்குத் தெரிவது எப்போது என்பது டெல்லியின் கருணை. அறங்காவலர் குழு பரிந்துரைக்கும், நிதி அமைச்சகம் சரி என்று தலையாட்ட வேண்டும், பிறகு அறிவிப்பு, பிறகு கோடிக்கணக்கான கணக்குகளில் பதிவு. 2020-21க்கு 8.5 சதவீதம் என்று 2021 மார்ச்சில் சொன்னார்கள். நிதி அமைச்சகம் பச்சைக்கொடி காட்டியது அக்டோபர் கடைசியில். அந்த வருடம் நவம்பர் 4 தீபாவளி. போனஸ் என்று நினைத்து வெடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய வருடம் இன்னும் தமாஷ். 2019-20க்கான 8.5ஐ 8.15 ஒரு துண்டு, 0.35 இன்னொரு துண்டு என்று பிரித்துத் தருவதாக 2020 செப்டம்பரில் சொல்லி, கடைசியில் மனம் மாறி மொத்தமாகவே போட்டார்கள்.

கே: அப்படித் தாமதமாகப் போட்டால் அந்த இடைவெளிக்கு வட்டி போச்சா?
— நெய்வேலிக்காரரே மறுபடியும்

ப: போகாது. நவம்பரில் பதிந்தாலும் மார்ச் 31 வரவாகவே பதிவார்கள். அடுத்த வருடக் கணக்கு ஏப்ரல் 1 முதல் அதையும் சேர்த்தே ஓடும். பாஸ்புக்கில் Int. Updated upto 31/03/ என்று ஒரு வரி, வருடத்தோடு வரும். அந்த வரி வரும்வரை திட்டுங்கள், வந்த பிறகு கணக்குப் போடுங்கள். வரிசை மாறினால் இரண்டும் வீண்.

கே: பி.எஃப். பணம் எடுக்க நல்ல நாள் எது மாமா?
— ஜாதக நம்பிக்கையாளர், ராமநத்தம்

ப: அஷ்டமி நவமி பார்க்காதீர்கள், மாதம் பாருங்கள். 60ஆவது பத்திப்படி, எடுத்த தொகைக்கு எடுத்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாள் வரைதான் வட்டி. 40,000 ரூபாய் செப்டம்பர் 28இல் கைக்கு வந்தால் ஆகஸ்ட் 31 வரை வட்டி. அதுவே அக்டோபர் 1இல் வந்தால் செப்டம்பர் 30 வரை. மூன்று நாள் பொறுத்தால் 275 ரூபாய். நீங்கள் விண்ணப்பித்த தேதி கணக்கில் வராது. அவர்கள் பணத்தை விடுவித்த தேதிதான் கணக்கு.

சரி, இதிலும் ஒரு திருப்பம். மாதம் 24ஆம் தேதிக்குள் தீர்த்த கணக்குகளுக்கு முந்தைய மாதம் வரைதான் வட்டி என்ற பழக்கத்தை மாற்றி, பணம் தீர்க்கும் நாள் வரைக்கும் வட்டி தர 2024 நவம்பர் 30ஆம் தேதி அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ஆகவே கணக்கை முடிக்கும்போது தீர்வுச் சீட்டில் எந்தத் தேதி வரை வட்டி போட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ராகுகாலத்தை அப்புறம் பார்க்கலாம்.

கே: பி.எஃப்.பில் 40,000 எடுத்தால் வட்டி போய்விடுமே என்று, அதே 40,000ஐ வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். புத்திசாலித்தனம்தானே?
— பெயர் வேண்டாம், மங்களூர் ஒன்றியம்

ப: பெயர் போடாததுதான் புத்திசாலித்தனம். மூன்று வட்டி என்றால் மாதம் 1,200 ரூபாய் வெளியே போகிறது. பி.எஃப். தருவது மாதம் 275. நஷ்டம் மாதம் 925, அதுவும் கந்துக்காரர் வீட்டு வாசலில் நின்று கொடுக்கும் அவமானம் தனி. விதி இடம் கொடுக்கும் காரணம் இருந்தால் முன்பணம் எடுத்து முதலில் அவரை அனுப்பி வையுங்கள்.

கே: மாதம் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் பி.எஃப். வட்டி உண்டாமே? எங்கள் முதலாளி 14ஆம் தேதிதான் கட்டுகிறார்.
— டிராக்டர் ஷோரூம் ஊழியர், திட்டக்குடி

ப: பெயர் ஒற்றுமையால் வந்த வினை! 5ஆம் தேதி விதி பி.பி.எஃப்.புக்கு. போஸ்ட் ஆபீஸிலும் பேங்கிலும் நாமே போடுகிறோமே, அந்தப் பொது வருங்கால வைப்பு நிதிக்கு. தொழிலாளர் பி.எஃப்.புக்கு அது பொருந்தாது. உங்கள் முதலாளி 14ஆம் தேதி கட்டினால் உங்களுக்கு நஷ்டமில்லை. அவரை இன்று மட்டும் திட்டாமல் விடுங்கள்.

கே: அப்படியானால் பி.பி.எஃப். கதையைச் சொல்லுங்கள். வருடா வருடம் மார்ச் 31இல் வரிக்காக ஒன்றரை லட்சம் கட்டி வருகிறேன்.
— மருந்துக்கடைக்காரர், வேப்பூர்

ப: வரி மிச்சம், வட்டி நஷ்டம். பி.பி.எஃப்.பிலும் மாதாமாதம் கணக்கு, வருடக் கடைசியில் வரவு. ஆனால் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை எது குறைந்த இருப்போ, அதற்குத்தான் வட்டி. 2020 ஏப்ரலிலிருந்து விகிதம் 7.1 சதவீதம்.

ஏப்ரல் 5க்குள் ஒன்றரை லட்சம் கட்டியவருக்கு அந்த வருடம் 10,650 ரூபாய். ஏப்ரல் 6இல் கட்டியவருக்கு ஏப்ரல் மாத வட்டி போச்சு: ஒரே நாளில் 887 ரூபாய் 50 பைசா. மாதம் 12,500 வீதம் 5ஆம் தேதிக்குள் கட்டினால் 5,768 ரூபாய் 75 பைசா. அதையே மாதாமாதம் 6ஆம் தேதி கட்டினால் 4,881 ரூபாய் 25 பைசா. நீங்கள் கட்டுகிற மார்ச் 31க்கு? அந்த வருடத்துக்குச் சைபர். மருந்துக்கு எக்ஸ்பயரி தேதி பார்க்கிறவர் பணத்துக்கு மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டீர்களே!

கே: மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். அதற்கும் இந்த 5ஆம் தேதி உண்டா?
— தையல் தொழில் செய்யும் அம்மா, இறையூர்

ப: உண்டு அம்மா, அதே விதிதான். 10ஆம் தேதி போடுகிற பழக்கத்தை 4ஆம் தேதிக்கு மாற்றுங்கள். மகள் பெரியவளானதும் உங்களுக்கு ஒரு பட்டுப்புடவை பாக்கி.

கே: பத்து வருடத்துக்கு முன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தேன். விட்டுவிட்டு ஊருக்கு வந்து நிலம் பார்க்கிறேன். வயது 40. அந்த பி.எஃப்.புக்கு இப்போது வட்டி வருமா?
— விவசாயி, கீழச்செருவாய்

ப: வரும். வெலிங்டன் ஏரிக்கரையில் இருந்துகொண்டு தண்ணீருக்குத்தான் கவலைப்பட வேண்டும். 2011இலிருந்து சில வருடம் செயல்படாத கணக்குக்கு வட்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2016 நவம்பரில் விதியைத் திருத்தி மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்று மூன்று வருடம் பணத்தைக் கேட்காமல் விட்டால்தான் கணக்கு செயலிழந்து, வட்டி நிற்கும். நீங்கள் 40. கவலை வேண்டாம், ஆனால் ஆதாரில் உள்ள பெயரும் கம்பெனி எழுதிய பெயரும் ஒன்றா என்று இப்போதே பாருங்கள். பனியன் கம்பெனிக்காரர்கள் இன்ஷியலை முன்னும் பின்னும் போடுவதில் மன்னர்கள்.

கே: காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது பி.எஃப். நம்பர். எனக்கு மூன்று இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால்தான் வட்டியா?
— சிப்காட் தொழிலாளி, கடலூர்

ப: சேர்க்காவிட்டாலும் ஒவ்வொன்றிலும் வட்டி தனித்தனியே ஓடும். ஒரு லட்சம் ஒரே இடத்தில் கிடந்தாலும், மூன்றாகப் பிரிந்து கிடந்தாலும் 8.25 சதவீதம் 8.25தான். சேர்க்கச் சொல்வது வேறு காரணத்துக்கு: பென்ஷனுக்குச் சேவை வருடம் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். ஆகவே ஒரே யூ.ஏ.என். எண்ணின் கீழ் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பாஸ்புக்கையும் தனித்தனியே திறந்து பார்க்க மறக்காதீர்கள். மூன்றில் ஒன்று எப்போதுமே தூங்கும்.

கே: நான் 1998இல் பணியில் சேர்ந்த ஆசிரியை. எங்கள் ஜி.பி.எஃப்.புக்கும் இதே முறையா?
— தலைமையாசிரியை, சிதம்பரம்

ப: குடும்பம் ஒன்றுதான் டீச்சர், வீடு வேறு. மாத இருப்புக்குக் கணக்கு, வருடக் கடைசியில் வரவு. 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்ததால் உங்களுக்கு இந்த யோகம். அதற்குப் பின் வந்தவர்களுக்கு சி.பி.எஸ்.

ஜி.பி.எஃப்.பின் பெரிய வியாதி விகிதமில்லை, விடுபட்ட வரவு. உங்கள் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். கணக்கு எண் ஒரு இலக்கம் மாறியதால் உங்கள் தாளில் ஏறியிருக்காது. 10,000 ரூபாய் விடுபட்டுப் பத்து வருடம் கழித்துத் தெரிய வந்தால் நஷ்டம் 10,000 அல்ல, 7.1 சதவீதத்தில் அது 19,856 ரூபாய் ஆகியிருக்கும். வருடக் கணக்குத் தாள் வந்ததும் பன்னிரண்டு மாத வரிசையில் பல் விழுந்த இடம் ஏதும் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் அந்த மாதச் சம்பளப் பட்டியலின் வவுச்சர் எண், தேதியோடு அன்றே எழுதுங்கள். ஓய்வு பெறும் வருடத்தில் தேட ஆரம்பித்தால் வவுச்சரைக் கரையான் படித்து முடித்திருக்கும்.

கே: இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால் பி.எஃப். வட்டிக்கு வரியாமே? பயமாக இருக்கிறது.
— மாதம் 1,800 பிடிக்கப்படுபவர், பெண்ணாடம்

ப: உங்கள் வருடப் பிடித்தம் 21,600. இரண்டரை லட்சத்தைத் தொட மாதம் இருபதாயிரத்துக்கு மேல் பிடித்தம் வேண்டும். 2021 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு வருடத்தில் தொழிலாளி பங்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்குத்தான் வரி. அந்தப் பயம் உங்களுக்கு வரும் நாளில் எனக்குச் சொல்லுங்கள், விருந்துக்கு வருகிறேன்.

கே: அந்தக் காலத்தில் 12 சதவீதம் கொடுத்தார்களாமே?
— பெருமூச்சு விடுபவர், விருத்தாசலம்

ப: ஆமாம், 1989-90இலிருந்து பத்து வருடத்துக்கு மேல். அதற்காக அந்தக் காலமே பொற்காலம் என்று பாட ஆரம்பிக்காதீர்கள். திட்டம் தொடங்கிய 1952-53இல் கொடுத்தது 3 சதவீதம்.

கே: எங்கள் கடையில் 18 பேர். பி.எஃப். கேட்டால் முதலாளி சிரிக்கிறார்.
— ஹோட்டல் ஊழியர், திட்டக்குடி பேருந்து நிலையம்

ப: 20 பேர் இருந்தால்தான் சட்டம் கட்டாயப்படுத்தும். அவர் சிரிப்பதன் காரணம் புரிகிறதா? இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு நிற்கும்.

கே: மாதாமாதம் பிடிக்கிறார்கள். கட்டுகிறார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்? வருடக் கடைசி வட்டி வரும்வரை காத்திருக்க வேண்டுமா?
— பேக்கரி ஊழியை, திட்டக்குடி

ப: கூடவே கூடாது. வட்டி வருடத்துக்கு ஒருமுறை வந்தாலும் வரவு மாதாமாதம் தெரியும். யூ.ஏ.என்.னோடு பதிவான கைபேசியிலிருந்து 9966044425க்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். கடைசியாக ஏறிய தொகையும் இருப்பும் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். தமிழிலேயே வேண்டுமென்றால் EPFOHO UAN TAM என்று 7738299899க்கு அனுப்புங்கள். முழுப் பட்டியலுக்கு passbook.epfindia.gov.in.

சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, அடுத்த மாதம் 20ஆம் தேதியாகியும் பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால் முதலில் கடைக் கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து காணவில்லை என்றால் சம்பளச் சீட்டு நகலோடு பி.எஃப். அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள். மார்ச் வரை காத்திருந்தால் வட்டி குறைந்ததா, அசலே வரவில்லையா என்று பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது.

கே: எல்லாம் சொன்னீர்கள். உங்கள் பி.எஃப். வட்டி எவ்வளவு மாமா?
— பல வாசகர்கள்

ப: கேள்வி எல்லை மீறிவிட்டது, அடுத்த வாரம் உங்கள் கணக்கைப் பார்ப்போம். பாஸ்புக் அச்சுப் பிரதியோடு எழுதுங்கள், ஏப்ரல் 1 இருப்பும் மாத வரவும் தெரிகிற பக்கம் போதும். யூ.ஏ.என். எண்ணை மட்டும் பேனாவால் அடித்து அனுப்புங்கள்.